போன வருஷக் கணக்கோடு 8 சதவீதம்: ஆம்பூர் அப்பர் யூனிட் பட்ஜெட், ஒரு சந்தேகம்

ஆம்பூர்_லெட்ஜர்

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ அப்பர் யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். 2026-27 பட்ஜெட் போட வேண்டிய நேரம். எங்கள் முதலாளி சொன்னது ஒரே வரி: "போன வருஷ ஆக்சுவல எடும்மா, எல்லாத் தலைப்புக்கும் 8 சதவீதம் ஏத்து, வெள்ளிக்கிழமைக்குள்ள குடு." இதற்கு முன்னால் இருந்தவரும் பத்து வருஷமாக இப்படித்தான் போட்டிருக்கிறார்.

எக்செல்லில் அரை மணி நேர வேலை. ஆனால் போட்டுப் பார்த்தபோது இரண்டு தலைப்புகள் உறுத்துகின்றன.

முதலாவது ரிப்பேர் மெயின்டெனன்ஸ். போன வருஷம் 18.6 லட்சம். 8 சதவீதம் ஏற்றினால் 20.09 லட்சம். ஆனால் அந்த 18.6-க்குள் ஜெனரேட்டரைப் பிரித்து ஓவர்ஹால் செய்த 5.2 லட்சமும் இருக்கிறது. இந்த வருஷம் அது வராது.

இரண்டாவது நூலும் சொல்யூஷனும். போன வருஷம் 4.8 லட்சம் ஜோடி தைத்தோம், செலவு 62.4 லட்சம். ஒரு பையர் ஆர்டரை நிறுத்திவிட்டதால் இந்த வருஷம் 3.9 லட்சம் ஜோடிதான் பிளான். அப்படியிருக்க 8 சதவீதம் கூட்டினால் 67.39 லட்சம் வருகிறது. ஜோடி குறையும்போது நூல் செலவு எப்படி ஏறும்?

முதலாளி சொன்னதை அப்படியே செய்வதா, எதிர்த்துப் பேசுவதா? பேசினால் எதைக் காட்டிப் பேசுவது?

வாணியம்பாடி_தையல்

மேடம், தப்பா நினைக்காதீங்க, 8 சதவீதமே கம்மி. வீட்டு வாடகை, பசங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எங்க போயிடுச்சு? லைன்ல உட்கார்றவங்களுக்கு 8 சதவீத இன்கிரிமென்ட்ல என்ன ஆவும்? குறைக்கச் சொல்லி நீங்களே முதலாளிகிட்ட எடுத்துக் குடுக்காதீங்க.

ஆம்பூர்_லெட்ஜர்

அண்ணா, இது சம்பள இன்கிரிமென்ட் இல்லை. யூனிட்டோட மொத்தச் செலவுக்கான பட்ஜெட். சம்பளத் தலைப்பை நான் தொடவே இல்லை. சொல்லப்போனால் நூலிலும் ரிப்பேரிலும் காசு சும்மா முடங்கிக் கிடந்தால், சம்பளம் பேசும்போதுதான் "பட்ஜெட்டில் இடமில்லை" என்பார்கள்.

ராணிப்பேட்டை_காஸ்ட்

மேடம், உங்கள் உறுத்தல் சரியானது. 22 வருஷமாகத் தோல் ஃபினிஷிங் யூனிட்களுக்குக் காஸ்டிங் பார்க்கிறேன். பட்ஜெட் கூட்டங்களில் 6 சதவீதமா 8 சதவீதமா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். எந்தத் தொகையின்மேல் அந்தச் சதவீதம் ஏறுகிறது என்று ஐந்து நிமிஷம்கூடப் பார்க்க மாட்டார்கள். 18.6 லட்சத்தில் இரண்டு சதவீதம் வெறும் 37 ஆயிரம். அதே 18.6-க்குள் ஒளிந்திருக்கும் ஜெனரேட்டர் 5.2 லட்சம். இதில் எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதைவிட மோசம், ஒருமுறை உள்ளே வந்த தொகை தானாக வெளியே போகாது. இந்த வருஷம் 20.09 ஒதுக்கினால் அதைச் செலவு செய்ய ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். அப்புறம் அதுவே அடுத்த வருஷ ஆக்சுவல். ஜெனரேட்டர் சரியாகி நாலு வருஷம் ஆன பிறகும் அதன் ஓவர்ஹால் செலவு உங்கள் பட்ஜெட்டில் வட்டியோடு உட்கார்ந்திருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். ரிப்பேர் தலைப்பை மாசவாரியாக, மூன்று வருஷத்துக்கு, வருஷத்துக்கு ஒரு வரிசையாக எழுதுங்கள். ஏப்ரல் B-யில் தொடங்கினால் மார்ச் M-இல் வரும். பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=M2/AVERAGE(B2:L2)
```

மற்ற பதினோரு மாதச் சராசரியைப் போல மார்ச் எத்தனை மடங்கு என்று வரும். ஒன்றரைக்கு மேல் போனால் நான் அந்த மாச வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்றரை என்பது எந்த விதியும் இல்லை, என் பழக்கம். என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

ஆம்பூர்_லெட்ஜர்

சார், போட்டேன். 2.7 வருகிறது. அதற்கு முந்தைய வருஷம் 2.4. வவுச்சரைப் பார்த்தால் மார்ச் கடைசி வாரத்தில் ஊசி, மெஷின் பெல்ட், ஹூக், பிரஸ்ஸர் ஃபுட் என்று 1.9 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். ஸ்டோரில் போய்ப் பார்த்தேன், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

ஸ்டோர்ஸ்_கைலாசகிரி

நான் ஸ்டோர் ஆளுதான், வேற கம்பெனி. அந்த ஸ்டோர் காரர் மேல தப்பு சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க. நான் ஒரு வருஷம் சிக்கனமா இருந்து ரெண்டு லட்சம் மிச்சம் புடிச்சேன். இன்னா ஆச்சு? அடுத்த வருஷம் "உனக்கு அது தேவையில்லைன்னு நீயே காமிச்சிட்ட" ன்னு வெட்டிட்டாங்க. அந்த வருஷம் பார்த்து ரெண்டு போஸ்ட்பெட் மெஷின் உட்கார்ந்துச்சு, ஸ்பேர் வாங்கக் காசு கேட்டு ஆபீஸ் வாசல்ல நின்னேன். லைன் நின்னா திட்டு எனக்குத்தான். அதுக்கப்புறம் நானும் மார்ச்ல வாங்கி வெச்சிடுவேன். ஊசி கெட்டா போவுது?

ராணிப்பேட்டை_காஸ்ட்

பாய் சொல்வது உண்மை. அவர் மேல் தப்பே இல்லை. "செலவு செய்ததுதான் அடுத்த வருஷத்துக்கு அடிப்படை" என்று விதி வைத்தால், மிச்சம் பிடிப்பவன் தோற்பான். இந்த முறையின் மிகப் பெரிய கேடு என்று நான் நினைப்பது இதுதான், கணக்குப் பிழைகூட இரண்டாவதுதான்.

மேடம், இப்போது உங்கள் தலைப்பைக் கழுவிப் பார்ப்போம். 18.6-இல் ஜெனரேட்டர் 5.2-ஐயும் மார்ச் கொள்முதல் 1.9-ஐயும் எடுத்தால் 11.5 லட்சம். இதுதான் ஒரு வருஷத்துக்கு உங்கள் மெஷின்கள் உண்மையில் தின்றது. விலை 6 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 12.2. அதில் 1.9 லட்சத்துச் சாமான் ஏற்கனவே ஸ்டோரில் இருக்கிறது, அதனால் இந்த வருஷம் வாங்க வேண்டியது 10.3 லட்சம்தான். 20.09 எங்கே, 10.3 எங்கே.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த 10.3-ஐ அடுத்த வருஷம் அடிப்படையாக எடுத்துவிடாதீர்கள். இருப்பு தீர்ந்த பிறகு மறுபடி 12 லட்சத்துப் பக்கம் போய்விடும். அடிப்படை மேல்பக்கம் மட்டுமில்லை, கீழ்ப்பக்கமும் பொய் சொல்லும்.

ஜீரோ_காட்பாடி

இத்தனை சுத்தம் எதற்கு? ஜீரோ பேஸ் பட்ஜெட் போடுங்கள், முடிந்தது. ஒவ்வொரு தலைப்பும் பூஜ்யத்திலிருந்து தன்னை நியாயப்படுத்த வேண்டும். எம்.பி.ஏ.யில் எங்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பீட்டர் பைர் செய்து காட்டி 1970-இல் எழுதினார். அதைப் பார்த்து ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா ஆளுநராக இருந்தபோது அங்கே கொண்டுவந்தார், ஜனாதிபதியானதும் 1977-இல் அமெரிக்க மத்திய அரசுக்கே கொண்டுபோனார். போன வருஷம் + சதவீதம் என்பது சோம்பேறி முறை.

ராணிப்பேட்டை_காஸ்ட்

தம்பி, சரித்திரம் சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1981-இல் ரீகன் வந்ததும் மத்திய அரசில் அதைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தாள் எழுத, ஆயிரக்கணக்கில் குவிந்தது. அத்தனையையும் படித்து முடிவெடுக்க மேலே யாருக்கும் நேரமில்லை. நேரமில்லாதபோது என்ன செய்வார்கள்? போன வருஷத் தொகையைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

இந்த மேடத்திடம் வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது. வாட்ச்மேன் கான்ட்ராக்ட், ஆடிட் ஃபீஸ், லிஃப்ட் ஏ.எம்.சி., இன்ஷூரன்ஸ், வாடகை எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து எழுதினால் கடைசியில் வரும் தொகை போன வருஷத்தோடு 5 சதவீதம்தான் இருக்கும், ஏனென்றால் ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தலைப்பு மட்டும் அடியோடு தோண்டுங்கள், சுற்று முறையில். பூஜ்யத்திலிருந்து கேட்கும் கேள்வி நல்ல கேள்விதான், அதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன்.

ஓய்வு_கண்காணிப்பாளர்_வேலூர்

தமிழ்நாடு அரசுப் பணியில் வரவு செலவுத் திட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அரசு என்றாலே போன வருஷத்தோடு கொஞ்சம் கூட்டிப் போடுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தொடர் செலவுகளில் அது பெரும்பாலும் உண்மை. தொடர்வது பகுதி 1, புதிய திட்டம் பகுதி 2 என்று பிரித்துவைப்போம். பகுதி 2-க்குத்தான் ஆயிரம் கேள்வி வரும். பகுதி 1-க்குள் ஒருமுறை நுழைந்தது கேள்வியில்லாமல் வருஷாவருஷம் வரும்.

ஆனால் சம்பளத்தை நாங்கள் அப்படிப் போட்டதில்லை. எண்ணிக்கைப் பட்டியல் அனுப்ப வேண்டும். எத்தனை பணியிடம், எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள், யாருக்கு எந்த மாதம் ஊதிய உயர்வு என்று ஆள்வாரியாக எழுதிக் கூட்டுவோம். போன வருஷம் பத்து பேர் ஓய்வு பெற்றிருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். சதவீதம் போட்டால் தெரியாது. ஆக, எண்ணக்கூடியதை எண்ணுங்கள், எண்ண முடியாததற்குச் சதவீதம் போடுங்கள் என்பதுதான் நான் கற்றது.

மார்ச் கொள்முதல் பற்றி ஸ்டோர்ஸ் நண்பர் சொன்னது எங்களுக்கும் பழக்கமான கதை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 62-ஆவது விதி, வருஷக் கடைசியில் அவசரமாகச் செலவழிப்பதை நிதி ஒழுங்கை மீறியதாகவே சொல்கிறது. கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும் மார்ச்சில் 15 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்றும் நிதி அமைச்சகம் வரம்பு வைத்தது. விதி எழுத வேண்டிய அளவுக்கு இது எங்கும் நடப்பதுதான். ஊழியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

குடியாத்தம்_ஹாஸ்டல்

எங்கள் கதையையும் சொல்கிறேன். ஒரு பள்ளி ஹாஸ்டலுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மெஸ் செலவுக்கு ஆறு வருஷம் போன வருஷம் + 10 சதவீதம் என்றே போட்டோம், ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய சரியாகவே வந்தது. அதனால் இந்த முறை நல்ல முறை என்றே நம்பினோம். ஏழாம் வருஷம் புதுக் கட்டடம் கட்டி 60 கட்டில் சேர்த்தோம். நவம்பரிலேயே பட்ஜெட் தீர்ந்து, மளிகைக் கடைக்காரருக்குப் பாக்கி சொல்ல வேண்டியதாயிற்று. ரொம்ப அவமானமாக இருந்தது.

அப்புறம்தான் யோசித்தேன். ஆறு வருஷம் ஏன் சரியாக வந்தது? 140 கட்டில்தான், ஒவ்வொரு வருஷமும் நிரம்பியிருந்தது. ஆள் மாறவில்லை, விலை மட்டும்தான் ஏறியது. சதவீதம் சரியாக வேலை செய்தது அந்த 140-ஆல்தான். அந்த எண் எங்கள் பட்ஜெட் தாளில் எங்குமே எழுதியிருக்கவில்லை. இப்போது தாளின் தலையில் முதலில் எழுதுவதே பிள்ளைகள் எண்ணிக்கைதான்.

ராணிப்பேட்டை_காஸ்ட்

அக்கா, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆர்டரும் ஆளும் மாறாமல், அடிப்படையில் ஒருமுறைச் செலவு ஏதும் ஒட்டாமல், விலை மட்டும் நிதானமாக ஏறினால் போன வருஷம் + சதவீதம் போதும். அதற்கு மேல் உழைப்பது வீண்.

ஆம்பூர் மேடம், உங்கள் நூல் தலைப்பில் மாறியது ஜோடி. 62.4-ஐ 4.8-ஆல் வகுத்தால் ஜோடிக்கு 13 ரூபாய். விலை 5 சதவீதம் ஏறினால் 13.65. 3.9 லட்சம் ஜோடிக்கு 53.2 லட்சம். 67.39-இலிருந்து 14 லட்சம் கீழே.

ஆம்பூர்_லெட்ஜர்

சார், இதை எங்கள் புரொடக்ஷன் மேனேஜரிடம் காட்டினேன். ஒரே பார்வையில் தப்பு என்றார். ஆர்டரை நிறுத்திய பையர் எடுத்தது எல்லாம் லோ கட். பூட் ஆர்டர் அப்படியே இருக்கிறது. பூட்டுக்கு நூலும் சொல்யூஷனும் அதிகம். ஸ்டோர் இஷ்யூ ஸ்லிப்பை வைத்துப் பார்த்தால் பூட் ஜோடிக்கு 17 ரூபாய், லோ கட்டுக்கு 11. போன வருஷம் பூட் 1.6 லட்சம், லோ கட் 3.2 லட்சம். இந்த வருஷம் பூட் அதே 1.6, லோ கட் 2.3.

அப்படிப் போட்டால் 27.2 + 25.3 = 52.5, அதன்மேல் 5 சதவீதம், 55.1 லட்சம்.

ராணிப்பேட்டை_காஸ்ட்

உங்கள் மேனேஜர் சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். எல்லா ஜோடியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு சராசரியால் பெருக்கினேன். 55.1-ஐயே வையுங்கள். 53.2-ஐ வைத்திருந்தால் பிப்ரவரியில் நூல் வாங்கக் காசில்லாமல் நீங்கள் நின்றிருப்பீர்கள்.

ஜீரோ_காட்பாடி

அப்படியானால் கரண்ட் பில்லையும் ஜோடியால் பெருக்கிவிடலாமே? 4.8-இலிருந்து 3.9, கிட்டத்தட்ட 19 சதவீதம் குறைவு.

ராணிப்பேட்டை_காஸ்ட்

அங்கேதான் கவனம் வேண்டும். ஹெச்.டி., அதாவது உயர் அழுத்த மின் இணைப்பு என்றால் பில்லில் இரண்டு பகுதி. யூனிட்டுக்கு வரும் தொகை உற்பத்தியோடு ஓரளவு குறையும். கம்ப்ரஸரும் லைட்டும் ஜோடி பார்த்து ஓடுவதில்லை, அதனால் 19 சதவீதம் குறையாது. இன்னொன்று டிமாண்ட் சார்ஜ், ஒரே நேரத்தில் எவ்வளவு மின்திறன் இழுக்கிறோம் என்பதற்கான கட்டணம். அது குறையவே குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். லைன் பாதி நின்றாலும் அந்த 90 சதவீதத்தைக் கட்ட வேண்டும். ஆர்டர் திரும்பி வராது என்று உறுதியானால் ஒப்பந்த டிமாண்டைக் குறைக்க மனு கொடுக்கலாம். போன வருஷம் + சதவீதம் போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

கட்டண உயர்வைப் பொறுத்தவரை சதவீதம் போடுவதுதான் சரி, ஏனென்றால் கட்டணமே விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டு ஜூலை 1-இல் ஏறுகிறது. 2024-இல் 4.83, 2025-இல் 3.16. ஆனால் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. போன ஆண்டின் முதல் மூன்று மாதம் பழைய கட்டணத்தில் போயிருக்கிறது. அதனால் 2026 ஜூலையில் ஒரு பைசா ஏறாவிட்டாலும் உங்கள் பில் போன வருஷத்தைவிட முக்கால் சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே வரும். ஜூலையில் 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் ஒன்பது மாதத்துக்கு அது 3, மேலே சொன்னதோடு சேர்த்து வருஷத்துக்கு சுமார் 3.8. இது யூனிட் அளவு மாறாமல் இருந்தால்.

ஆம்பூர்_லெட்ஜர்

நேற்று முதலாளியிடம் மூன்று தாளாகக் கொண்டுபோனேன். நூலுக்கு 55.1 என்பதை உடனே ஒத்துக்கொண்டார், பூட்டும் லோ கட்டும் அவருக்குத் தெரிந்த விஷயம். வாட்ச்மேன், ஆடிட், இன்ஷூரன்ஸ், வாடகை எல்லாம் ஒப்பந்தப்படி ஏற்றிவிட்டேன், அதில் பேச்சே இல்லை. கரண்ட்டுக்கு டிமாண்டைக் குறைப்பதைப் பற்றி ஜூன் வரை பொறுக்கச் சொன்னார், ஒரு புது பையர் பேச்சுவார்த்தையில் இருக்கிறாராம்.

ரிப்பேர்தான் சிக்கல். 10.3 என்றதும் முகம் மாறிவிட்டது. "ஜெனரேட்டர் சரியாச்சு, கம்ப்ரஸர் போகாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு பெரிய மெஷினாவது ஏதோ ஒன்று போகத்தான் செய்கிறது. அதற்கு முந்தைய வருஷம் பாய்லர் ட்யூப், 3.4 லட்சம்.

ராணிப்பேட்டை_காஸ்ட்

உங்கள் முதலாளி கேட்டது நியாயமான கேள்வி. தனித்தனியாகப் பார்த்தால் ஒருமுறைச் செலவு, சேர்த்துப் பார்த்தால் வருஷாவருஷம் வருகிறது. ஐந்து வருஷப் பெரிய ரிப்பேர்களை எழுதிச் சராசரி எடுங்கள். அதைத் தனித் தலைப்பாக, முதலாளி கையெழுத்தில்லாமல் தொட முடியாததாக வையுங்கள். சாதாரண ரிப்பேரோடு கலக்காதீர்கள். கலந்தால் மறுபடி மார்ச்சில் ஊசியாகிவிடும்.

ஸ்டோர்ஸ்_கைலாசகிரி

அது சரி சார். அந்த 1.9 லட்சத்த முதலாளி கேட்டாரா மேடம்? ஸ்டோர் காரர் பேர் வந்துச்சா?

ஆம்பூர்_லெட்ஜர்

"ஆரம்ப இருப்பு" என்று மட்டும் எழுதியிருந்தேன் பாய். யார் எப்போது வாங்கினார்கள் என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஓய்வு_கண்காணிப்பாளர்_வேலூர்

அம்மா, மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். முதலாளிக்குத் தெரியாவிட்டால் விதி மாறாது, அடுத்த மார்ச்சிலும் அதுவே நடக்கும்.

ஸ்டோர்ஸ்_கைலாசகிரி

ஐயா, உங்களுக்கு பென்ஷன் இருக்கு. அந்த ஆளுக்கு வேலை போனா யாரு பதில் சொல்றது? மொதல்ல மிச்சம் புடிச்சா வெட்ட மாட்டேன்னு முதலாளி சொல்லட்டும். மிச்சத்துல பாதிய அடுத்த வருஷம் ஸ்டோருக்கே விடட்டும். அப்புறம் பேர எழுதுங்க.

குடியாத்தம்_ஹாஸ்டல்

பாதியை விட்டுக்கொடுப்பது எங்கள் டிரஸ்டில் செய்து பார்த்தோம். முதல் வருஷம் நன்றாக இருந்தது. இரண்டாம் வருஷம் மிச்சம் காட்டுவதற்காகவே பட்ஜெட்டைப் பெரிதாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்திவிட்டோம்.

ஆம்பூர்_லெட்ஜர்

அக்கா, கேட்ட தொகையோடு ஒப்பிட்டு மிச்சம் பார்த்தீர்களா, இல்லை ஜோடி மாதிரி ஏதாவது ஓர் அளவோடு ஒப்பிட்டா? எங்களிடம் மெஷின் ஓடிய மணி நேரம் லாக் புக்கில் இருக்கிறது. ஊசி, பெல்ட் செலவை அந்த மணி நேரத்தோடு வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். பெரிய ரிப்பேர் ஐந்து வருஷப் பட்டியலைத் திங்கட்கிழமை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.